பிரேசிலில் தொழிற்சாலை, எத்தனை சதவீத லாபம் போதும்?

பங்கு முதலீட்டாளர் தன் பணத்துக்குக் குறைந்தபட்சம் எதிர்பார்க்கும் வருவாய் விகிதமே பங்கு மூலதனச் செலவு. அமெரிக்காவில் அமையும் திட்டமென்றால் கணக்கு எளிது: அமெரிக்க அரசுப் பத்திர வட்டியோடு, பங்குச் சந்தை ரிஸ்க்குக்கான கூடுதலைத் திட்டத்தின் பீட்டாவால் பெருக்கிச் சேர்த்தால் போதும். வட்டி 4.5%, கூடுதல் 5%, பீட்டா 1 என்று கொண்டால் விகிதம் 9.5%. அதே தொழிற்சாலை பிரேசிலில் அமைந்தால் அரசியல் குழப்பம், நாணயச் சரிவு, கடன் நெருக்கடி ஆகியவற்றுக்காக இன்னொரு கூடுதலும் சேர்கிறது. அதுவே நாட்டு ரிஸ்க் பிரீமியம்.

அதை அளக்கப் பலரும் பின்பற்றும் வழி, நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் அஸ்வத் தாமோதரனுடையது. பிரேசில் அரசு டாலரில் கடன் வாங்கும்போது அமெரிக்க அரசைவிட எவ்வளவு அதிக வட்டி தருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அது 2% என்று வைத்துக்கொள்வோம். ஆனால் இது கடன் கொடுத்தவரின் ரிஸ்க். பங்குதாரரின் ரிஸ்க் அதைவிடப் பெரிது. அந்நாட்டுப் பங்குகள் பத்திரங்களைவிட ஒன்றரை மடங்கு ஏறி இறங்கினால், பிரீமியம் 3% ஆகிறது. மொத்தம் 12.5%.

இந்த 3% சிறிய எண் அல்ல. 10 கோடி டாலர் முதலீட்டில் ஆண்டுதோறும் 1.15 கோடி டாலர் தொடர்ந்து வருமென்றால், 9.5% விகிதத்தில் திட்டத்தின் மதிப்பு சுமார் 12.1 கோடி, 12.5% விகிதத்தில் 9.2 கோடி. முதல் கணக்கில் லாபம், இரண்டாவதில் நஷ்டம்.

ஆனால் பிரேசிலில் இருக்கும் எல்லாத் தொழிலுக்கும் முழு 3% பொருந்தாது. உள்ளூர் வாடிக்கையாளரை நம்பும் பல்பொருள் அங்காடியும், இரும்புத் தாதுவை டாலரில் ஏற்றுமதி செய்யும் சுரங்கமும் ஒன்றல்ல. பிரேசில் நிறுவனங்களின் வருமானத்தில் சராசரியாக 75% உள்நாட்டிலிருந்தும், நம் தொழிற்சாலைக்கு 30% மட்டும் உள்நாட்டிலிருந்தும் வந்தால், பிரீமியத்தில் 0.4 பங்கு, அதாவது 1.2%, சேர்த்தால் போதும் என்பது தாமோதரன் தரும் திருத்தம். விகிதம் 10.7% ஆகிறது, மதிப்பு 10.7 கோடியாகித் திட்டம் மீண்டும் தேறுகிறது. வருமானத்தை மட்டும் பார்க்கும் இந்த அளவு, தொழிற்சாலையையே அரசு கைப்பற்றக்கூடிய நாட்டில் ரிஸ்க்கைக் குறைத்துக் காட்டும்.

அடிக்கடி நேரும் பிழை இரட்டைக் கணக்கு. பிரேசில் நாணயமான ரியாலில் கணக்கிடுபவர் அந்நாட்டு அரசுப் பத்திர வட்டியையே ரிஸ்க் இல்லாத வட்டியாக எடுக்கிறார். அதில் அந்த அரசு கடனைத் திருப்பாமல் போகும் ரிஸ்க் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கழிக்காமல் மேலே பிரீமியத்தையும் சேர்த்தால், ஒரே ரிஸ்க் இருமுறை கணக்கில் ஏறும். நெருக்கடியை எதிர்பார்த்து வருமான மதிப்பீட்டையும் குறைத்து, அதே காரணத்துக்காக விகிதத்தையும் உயர்த்துவதும் இதே தவறுதான்.

பல நாடுகளில் பணத்தைப் பரப்பியவருக்கு இந்த பிரீமியமே தேவையில்லை என்று வாதிடுவோர் உண்டு. 1998 ஆகஸ்டில் ரஷ்யா கடனைச் செலுத்தத் தவறிய பின், நெருக்கடி பிரேசிலையும் தாக்கி, 1999 ஜனவரியில் ரியால் சரிந்தது. நாடுகள் இப்படிச் சேர்ந்தே விழும்வரை பிரீமியத்தை விட்டுவிட முடியாது.