மூன்று வருடப் பேச்சு, பதினோரு மாதப் பத்திரம்

"மூணு வருஷம் இருக்கிறதா சொல்லுங்க, வாடகையில ஆயிரத்து ஐநூறு குறைச்சுக்கிறேன்." கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியும், கவரைப்பேட்டை, திருவள்ளூர், காக்களூர் பக்கங்களிலும் வீட்டுக்காரர்கள் இப்படிக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. கம்பெனி வேலையை நம்பி வருகிறவர்கள் வேலை மாறினால் வீட்டையும் மாற்றிவிடுவார்கள். ஒவ்வொரு முறை காலியாகும்போதும் ஒன்றிரண்டு மாத வாடகை போகும். வெள்ளை அடிக்க வேண்டும். தரகருக்கும் கொடுக்க வேண்டும். நிலையாக ஒருவர் இருந்தால் வாடகையைக் குறைத்தாலும் வீட்டுக்காரருக்குக் கட்டுப்படியாகும். குடியிருப்பவருக்கோ பிள்ளைகளின் பள்ளியை மாற்றாமல் இருக்கலாம்.

இருவருக்கும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதை எழுதும்போது கடையில் விற்கும் பதினோரு மாத அக்ரிமென்டையே வாங்கி நிரப்பிவிடுகிறார்கள். மூன்று வருடம் என்பது வாய்ப்பேச்சோடு நின்றுவிடுகிறது.

பதினோரு மாதத்துக்கு எழுதும் பழக்கம் வந்ததற்குக் காரணம் 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை எதுவானாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்கிறது அதன் 17ஆவது பிரிவு. அந்தப் பதிவுச் செலவைத் தவிர்க்கத்தான் பதினோரு மாதம். மூன்று வருடம் என்று முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, பதியாமல் வைத்துக்கொண்டாலும் பயனில்லை. கேரளத்திலிருந்து உச்ச நீதிமன்றம் சென்ற ஆண்டனி – இட்டூப் வழக்கில் 2000ஆம் ஆண்டு இது தெளிவாகச் சொல்லப்பட்டது. அங்கே 5 வருடக் குத்தகைப் பத்திரம் பதியப்படவில்லை. அந்த 5 வருடம் செல்லாது, வாடகை கொடுத்து வாங்கியதால் மாத வாடகை உறவு மட்டும் உண்டு என்றது நீதிமன்றம். மாத வாடகை என்றால் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி 15 நாள் அறிவிப்பில் அதை முடிக்கலாம். ஆகவே பதியாத பத்திரத்தை வைத்துக்கொண்டு, "மூன்று வருடம் சொன்னீர்களே" என்று இருவரில் எவரும் மற்றவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

இனி கணக்கு. ஒரு வீட்டின் வாடகை 12,000 ரூபாய், அட்வான்ஸ் 36,000 என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடத்துக்கு 10,500 என்று பேச்சு. மாதம் 1,500 வீதம் 36 மாதத்துக்கு 54,000 ரூபாய் மிச்சம் என்று தோன்றும். ஆனால் வழக்கமாக வருடத்துக்கு 5 சதவீதம் ஏற்றுவார்கள். ஏற்றத்தோடு பார்த்தால் மூன்று வருட வாடகை 4,53,960 ரூபாய். 10,500 நிலையாக இருந்தால் 3,78,000. வித்தியாசம் 75,960. எனவே "மூன்று வருடமும் ஏற்றம் கிடையாது" என்ற வரி பத்திரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் குறைத்தது அடுத்த வருடமே ஏறிவிடலாம். இந்த மிச்சத்தோடு ஒப்பிட்டால் பதிவுச் செலவு சிறியதுதான். மொத்த வாடகையும் அட்வான்ஸும் சேர்ந்த தொகையில் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம் என்று கணக்கிட்டால் சுமார் 8,300 ரூபாய் வரும். இருவரும் பாதிப் பாதி போட்டுக்கொள்ளலாம்.

மிகக் கவனமாகப் படிக்க வேண்டியது, இடையில் வெளியேறினால் என்ன என்ற பகுதி. பதினான்காவது மாதம் கம்பெனி ஆட்குறைப்பு செய்கிறது, குடும்பம் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். "மீதிக் காலம் முழுவதற்கும் வாடகை தர வேண்டும்" என்று எழுதியிருந்தால், 22 மாதத்துக்கு 2,31,000 ரூபாய் கேட்பார்கள். பயந்து கொடுத்துவிட வேண்டாம். ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவுப்படி, எழுதிய தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீட்டை மட்டுமே நீதிமன்றம் தரும். வீட்டுக்காரரும் வேறு ஆள் வைத்து நஷ்டத்தைக் குறைக்க முயன்றிருக்க வேண்டும். ஆனால் வழக்குக்குப் போகும் நிலையே வராமல் எழுதிக்கொள்வது நல்லது. என் கருத்தில் நேர்மையான ஷரத்து இதுதான்: இரண்டு மாத முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு, அதுவரை அனுபவித்த சலுகையைத் திருப்பித் தருவது. மேலே சொன்ன கணக்கில் 14 மாதத்துக்கு 21,000 ரூபாய். சலுகை கொடுத்ததே நீண்ட காலத்துக்காக என்பதால் வீட்டுக்காரருக்கும் அது நியாயம். வேலை இழந்தாலோ இடமாற்றம் வந்தாலோ அதில் பாதி போதும் என்றும் எழுதலாம். வீட்டுக்காரர் முன்கூட்டியே காலி செய்யச் சொன்னால் அவர் என்ன தருவார் என்பதையும் எழுத மறக்காதீர்கள். பெரும்பாலான அக்ரிமென்ட்களில் அந்தப் பக்கம் காலியாகவே கிடக்கிறது.

பதிந்த குத்தகைக்கு இன்னொரு பலம் உண்டு. நடுவில் வீடு கைமாறினாலும் வாங்குகிறவர் உங்கள் குத்தகையோடுதான் வாங்குகிறார். வில்லங்கச் சான்றிலும் அது தெரியும். ஆனால் வீடு ஏற்கெனவே வங்கிக் கடனில் அடமானமாக இருந்தால் கதை வேறு. சொத்து மாற்றுச் சட்டத்தின் 65ஏ பிரிவுப்படி, அடமானம் வைத்தவர் கட்டடத்தை மூன்று வருடத்துக்கு மேல் வாடகைக்கு விட முடியாது. அதற்குள் விட்டாலும் நியாயமாகக் கிடைக்கக்கூடிய நல்ல வாடகைக்குத்தான் விட வேண்டும், முன்பண வாடகை வாங்கக் கூடாது. பல கடன் பத்திரங்கள் இதைவிடக் கடுமையாக, வங்கியின் ஒப்புதல் இல்லாமல் வாடகைக்கே விடக் கூடாது என்கின்றன. ஆகவே குறைந்த வாடகைக்கு நீண்ட காலம் என்ற ஏற்பாடு, கடன் கட்டாமல் வங்கி வீட்டைக் கைப்பற்ற வரும் நாளில் குடியிருப்பவரைக் காப்பாற்றாமல் போகலாம். அட்வான்ஸ் கொடுக்கும் முன் வில்லங்கச் சான்றைப் போட்டுப் பாருங்கள். அடமானம் இருந்தால் வங்கியின் எழுத்துபூர்வ ஒப்புதலைக் கேளுங்கள்.

சிறு பட்டறைக்கு ஷெட் எடுக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சிப்காட் மனைகள் நீண்டகாலக் குத்தகையில் கொடுக்கப்பட்டவை. உங்களுக்கு ஷெட்டை விடுகிறவரும் அங்கே குத்தகைதாரர்தான். உள்வாடகைக்கு விட சிப்காட்டின் அனுமதி வாங்கியிருக்கிறாரா என்று கேட்டு, அந்தக் கடிதத்தைக் கண்ணால் பார்த்த பிறகே இயந்திரங்களை இறக்குங்கள்.

சார்பதிவாளரிடம் பதிவதோடு வேலை முடிந்துவிடாது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டின் வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடமும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். அதற்கான இணையதளம் tenancy.tn.gov.in. கிராம ஊராட்சியில் இருப்பவர்கள் இந்தச் சட்டம் தங்கள் இடத்துக்குப் பொருந்துமா என்று வாடகை அதிகாரியிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத வரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கியைக் கழித்துக்கொண்டு திருப்பித் தர வேண்டும். காலி செய்ய வைப்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். வெளியேற்றும் உத்தரவை வாடகை நீதிமன்றம்தான் தர முடியும். பூட்டுப் போட வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை. வாடகையை வங்கி மூலமோ யுபிஐ மூலமோ கொடுங்கள். எவ்வளவு வாடகை கொடுத்தீர்கள் என்பதற்கு அதுவே சான்று.

வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணை அழைக்கலாம், அல்லது திருவள்ளூரில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். கையெழுத்து போடுவதற்கு முன்பே பத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.