மேற்குப் பார்த்த பால்கனியும் நாலரை மணி வெயிலும்

அடுக்குமாடி வீட்டை விற்க கம்ப்யூட்டரில் செய்யும் முப்பரிமாணப் படங்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பால்கனி வழியே வந்த வெயில் ஹால் தரையில் பளீரென்று கிடக்கும். பால்கனிக்கு வெளியே, எதிர்க் கட்டடங்களின் முகத்திலும் வெயில் பளீரென்று அடிக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது. நம் தரைக்கு வெயில் அந்தத் திசையிலிருந்து வருகிறது என்றால், எதிர்க் கட்டடம் நமக்குக் காட்டும் முகம் நிழலில்தான் இருந்தாக வேண்டும். வெளிக்காட்சி எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய போட்டோ. உள்ளே அடிப்பது கம்ப்யூட்டர் சூரியன். அதுதான் விஷயம்.

டீ ஆறுவதற்குள் ஒரு கணக்குப் போட்டுவிடலாம். சென்னை, மார்ச் மூன்றாம் வாரம், மாலை நாலரை மணி, மேற்குப் பார்த்த நான்காவது மாடி பால்கனி. அந்த நேரத்தில் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 26 பாகை உயரத்தில், ஏறக்குறைய நேர் மேற்கில், ஒரு ஆறு பாகை தெற்கே தள்ளி நிற்கும். பிளெண்டரில் வேலை செய்பவர்கள் Sky Texture-இல் இருக்கும் Sun Elevation-க்கு இந்த 26-ஐக் கொடுத்துவிடலாம்.

கைப்பிடிக் கம்பியின் உயரம் 1.05 மீட்டர், பால்கனியின் ஆழம் ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 26 பாகை வெயிலில் மேல்கம்பியின் நிழல் 2.15 மீட்டர் நீளும். அதாவது பால்கனித் தரை முழுக்கக் கம்பி நிழல் கோடு கோடாக ஓடி, கதவு நிலையைத் தாண்டி, ஹாலுக்குள்ளும் 65 சென்டிமீட்டர் வர வேண்டும். அதற்கப்புறம்தான் தடையில்லாத வெயில். கதவு 2.1 மீட்டர் உயரம் என்றால் அந்த வெயில் உள்ளே நாலே கால் மீட்டர் தூரம் வரை போகும். பல படங்களில் வெயில் கதவடியிலிருந்தே சுத்தமாகத் தொடங்கிவிடுகிறது, கம்பி நிழலே இல்லை. பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஏதோ உறுத்தும்.

பால்கனியில் போட்ட பிரம்பு நாற்காலிக்கும் இதே கதைதான். நாம் உள்ளேயிருந்து பார்ப்பதால் அதன் நிழல்பக்கம்தான் நமக்குத் தெரியும். வெயில் அதன் விளிம்பில் மெல்லிய கோடாக மட்டும் பிடிக்கும். தரையில் பட்டு எழும் வெளிச்சம் இருக்கையின் அடிப்பக்கத்தைக் கொஞ்சம் துலக்கும்.

இனி எதிர்க் கட்டடங்கள். அவற்றின் கிழக்கு முகங்கள் வானத்து வெளிச்சத்தில் மட்டும், சற்றே நீலம் கலந்த சாம்பலாக இருக்கட்டும். சூரியன் கொஞ்சம் தெற்கே தள்ளியிருப்பதால் தெற்குச் சுவர்களில் சாய்ந்த வெயில் ஒரு பட்டையாகத் தெரியும். அந்தப் பட்டை ஒன்றே உள்ளே கிடக்கும் வெயிலோடு வெளியைக் கட்டிவிடும். உயரத்தையும் பாருங்கள்: கேமரா எந்த உயரமோ அதுதான் அடிவானக் கோடு. அதனால் சமதரையில் நிற்கும் கட்டடம் எவ்வளவு தள்ளியிருந்தாலும், அதன் நான்காவது மாடி ஜன்னல்கள் அந்தக் கோட்டை ஒட்டியே வர வேண்டும்.

தூரம் மங்குவதைப் பலர் படத்தைக் கலங்கலாக்கிச் செய்கிறார்கள். அது லென்ஸின் வேலை, காற்றின் வேலை அல்ல. காற்றிலுள்ள தூசியும் ஈரமும் செய்வது வேறு: கறுப்பை வெளுப்பாக்கும். ஐந்து கிலோமீட்டர் வரை கண்ணுக்கு எட்டும் ஒரு நாளில், 30 மீட்டரில் இருக்கும் வீட்டின் மாறுபாடு அப்படியே இருக்கும். 600 மீட்டரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சும். ஒன்றரை கிலோமீட்டரில் மூன்றில் ஒன்றுகூடத் தேறாது. ஜன்னல் ஓட்டைகளின் இருட்டு முதலில் கரையும், சுவரின் வெள்ளை அவ்வளவாக மாறாது. பிளெண்டரின் Mist அடுக்கை இதற்குப் பயன்படுத்தலாம். ஆனால் அதில் கலக்கும் நிறம் பாடப்புத்தக நீலமாக இருக்கக் கூடாது. சூரியனை நோக்கிப் பார்க்கிறோம், ஆகவே அடிவானத்து வானத்தின் வெளிறிய மஞ்சள்தான் சரி.

பிரகாசம்தான் கடைசிச் சிக்கல். நிழலில் நிற்கும் எதிர்ச்சுவர்கூட நிஜத்தில் ஹாலின் உட்சுவரைவிடப் பல மடங்கு வெளிச்சமானது. படத்தில் அவ்வளவு வேண்டாம். உட்சுவரைவிட நாலு முதல் எட்டு மடங்கு, அதாவது இரண்டு மூன்று ஸ்டாப் தூக்கலாக வைத்தால் நம்பும்படி இருக்கும். இரண்டையும் சமமாக்கினால் பால்கனிக்கு வெளியே யாரோ போஸ்டர் ஒட்டியதுபோல் ஆகிவிடும்.

பில்டர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். வெளிக்காட்சி பளிச்சென்று வேண்டும் என்பார். அவரோடு மல்லுக்கட்டுவதைவிட மணியை மாற்றிவிடுவது மேல். காலை எட்டரைக்குச் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் சுமார் 32 பாகையில் இருக்கும். நம் கட்டடம் 15 மீட்டர் உயரம் என்றால் அதன் நிழல் 24 மீட்டரோடு நின்றுவிடும். 30 மீட்டரில் இருக்கும் எதிர்வீட்டு முகத்தில் முழு வெயில் அடிக்கும். அவர் கேட்ட காட்சி கிடைத்துவிடும். ஆனால் ஹால் தரையிலிருந்த வெயிலையும் கம்பி நிழலையும் துடைத்து எடுத்துவிட வேண்டும்.