'95 சதவீதம் உறுதி' என்று சாட்பாட் சொன்னால்

சாட்பாட்டிடம் ஒரு தகவலைக் கேட்டுவிட்டு, "இந்தப் பதிலில் எத்தனை சதவீதம் உறுதி?" என்று கூடவே கேட்டால், அது தயங்காமல் ஓர் எண்ணைச் சொல்லிவிடும். அது பெரும்பாலும் 90 அல்லது 95 ஆக இருக்கும். சாட்பாட் சில நேரம் இல்லாததை இட்டுக்கட்டிச் சொல்லும் என்று தெரிந்தவர்கள் தற்காப்பாகக் கையாளும் வழி இது. எண் பெரிதாக இருந்தால் நம்பலாம், சிறிதாக இருந்தால் சரிபார்த்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு ஓரளவுக்குத்தான் பலிக்கிறது.

இப்படிச் சொல்லப்படும் சதவீதத்துக்கு என்ன பொருள் இருக்க வேண்டும் என்பதை வானிலைக்காரர்கள் வெகுகாலம் முன்பே தெளிவாக்கிவிட்டார்கள். நாளை மழை பெய்ய 70 சதவீத வாய்ப்பு என்று ஒருவர் சொன்ன நாட்களை மட்டும் தனியே எடுத்து எண்ணினால், அவற்றில் பத்துக்கு ஏழு நாட்களாவது மழை பெய்திருக்க வேண்டும். அதைவிட வெகுவாகக் கூடவும் கூடாது. அப்போதுதான் அந்த எண் யோக்கியமான எண். அமெரிக்க வானிலை அறிஞர் கிளென் பிரையர் 1950இல் இத்தகைய முன்கணிப்புகளுக்கு மதிப்பெண் போட ஒரு சூத்திரத்தை வெளியிட்டார். சாட்பாட்களைச் சோதிக்கும் ஆய்வாளர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். வானிலைக்காரருக்கு ஒரு வசதி உண்டு. சொன்னது நடந்ததா இல்லையா என்பது மறுநாளே தெரிந்துவிடும், தன் கணிப்பைத் திருத்திக்கொள்ளலாம். உரையாடலில் பதில் சொல்லும் சாட்பாட்டுக்கு அந்த வாய்ப்பு கிடையாது. தவறான பதிலை வாங்கிக்கொண்டு போனவர் திரும்பி வந்து அதைச் சொல்வதில்லை.

எண் எங்கிருந்து வருகிறது என்பதுதான் இதில் முக்கியம். சாட்பாட்டுக்குப் பின்னால் இருக்கும் மொழி மாதிரி, அடுத்து எந்தச் சொல் வரலாம் என்பதற்கு நிகழ்தகவு போட்டு, ஒவ்வொரு சொல்லாக, சில சமயம் சொல்லின் துண்டு துண்டாக, வாக்கியத்தைக் கட்டுகிறது. அதிகம் அறியப்படாத ஓர் எழுத்தாளர் பிறந்த ஆண்டைக் கேட்டதாக வைத்துக்கொள்ளலாம். பயிற்சியில் அந்த எழுத்தாளரைப் பற்றி இரண்டொரு வரிகளே அது கண்டிருந்தால், '1921', '1923', '1926' என்று பல ஆண்டுகளுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு வாய்ப்பு விழுந்திருக்கும். எதற்கும் 20 சதவீதத்துக்கு மேல் இல்லை என்று கொள்வோம். ஆனாலும் ஏதோ ஒன்றை எழுதியாக வேண்டும். '1923' என்று எழுதுகிறது. திரையில் தெரிவது அந்த ஓர் ஆண்டுதான். பக்கத்தில் நின்ற மற்ற ஆண்டுகளின் தடயம் எதுவும் வாசகருக்குத் தெரியாது.

அடுத்து, எவ்வளவு உறுதி என்று கேட்கிறார்கள். அப்போது மாதிரி உள்ளே போய் அந்த 20 சதவீதத்தைப் படித்து வந்து சொல்லும் என்று நினைப்பது இயல்பு. அப்படி ஓர் ஏற்பாடு அதற்குள் வைக்கப்படவில்லை. '95' என்பதும் '1923' போலவே எழுதப்படும் இன்னொரு சொல்தான். இந்த மாதிரியான கேள்விக்கு, இந்த மாதிரியான பதிலுக்குப் பிறகு, மனிதர்கள் எழுதிய உரையில் எந்த எண் வழக்கமாக வரும் என்பதும், பயிற்சியில் எந்தத் தொனி ஊக்குவிக்கப்பட்டது என்பதும் சேர்ந்து அதை முடிவு செய்கின்றன. உள்ளே இருந்த தயக்கம் அந்த எண்ணில் கொஞ்சம் கசியலாம், கசியாமலும் போகலாம். தான் எழுதிய '1923' இப்போது உரையாடலிலேயே நிற்பதால், அதை ஒட்டியே மேற்கொண்டு எழுதும் சாய்வும் மாதிரிக்கு இருக்கிறது.

ஆக உறுதி என்பது இரண்டு வகை. ஒன்று, சொற்களுக்கு மாதிரி உள்ளே போடும் நிகழ்தகவு. மற்றொன்று, கேட்டால் வாயால் சொல்லும் சதவீதம். முதல் வகை வெறும் இரைச்சல் அல்ல. ஆந்த்ரோபிக் நிறுவன ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வில், பெரிய மாதிரிகள் தேர்வுக் கேள்விகளுக்கு விடைகளில் போடும் உள் நிகழ்தகவு உண்மையோடு நன்றாகவே ஒத்துப்போனது. ஓப்பன்ஏஐ 2023 மார்ச்சில் வெளியிட்ட ஜிபிடி-4 அறிக்கையில் இதைவிடக் கவனிக்க வேண்டிய ஒரு வரைபடம் இருக்கிறது. மூலப் பயிற்சி மட்டும் முடிந்த மாதிரியின் உறுதியும் அதன் சரித்தன்மையும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் போகின்றன. மனிதர்களின் விருப்பத்துக்கு ஏற்பப் பேசப் பழக்கும் இரண்டாம் பயிற்சிக்குப் பிறகு அந்தப் பொருத்தம் வெகுவாகக் குலைந்துவிடுகிறது. பொதுமக்கள் கைக்கு வருவது இரண்டாம் பயிற்சி முடிந்த மாதிரிதான்.

அந்த இரண்டாம் பயிற்சியில் மனிதர்கள் இரண்டு பதில்களைப் பார்த்து எது மேல் என்று சொல்கிறார்கள். தடுமாறும் பதிலைவிடத் தெளிவாக, அடித்துச் சொல்லும் பதில்தான் பொதுவாக மனிதர்களுக்குப் பிடிக்கும். போதாக்குறைக்கு, மாதிரிகளைத் தரவரிசைப்படுத்தும் தேர்வுகள் பலவற்றில் 'தெரியாது' என்பதற்கும் தவறான விடைக்கும் ஒரே பூஜ்யம்தான். நெகட்டிவ் மார்க் இல்லாத தேர்வில் மாணவர் எந்தக் கேள்வியையும் விட்டுவைக்க மாட்டார் அல்லவா, அதே நிலைமைதான் இங்கும். ஊகிப்பதற்கும் உறுதியாகப் பேசுவதற்கும் இப்படி இரு பக்கமிருந்தும் ஊக்கம் கிடைத்துவிடுகிறது.

இதன் விளைவு சோதனைகளில் பளிச்சென்று தெரிகிறது. 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அன்றைய மாதிரிகள் சொல்லும் சதவீதங்கள் பெரும்பாலும் 80க்கும் 100க்கும் இடையிலேயே அடைந்து கிடப்பதையும், அவை 5இன் மடங்குகளாகவே வருவதையும் காட்டியது. மனிதர்கள் பேச்சுவாக்கில் சொல்லும் சதவீதங்களும் இப்படித்தான் இருக்கும். 2024இல் ஓப்பன்ஏஐ சிம்பிள்கியூஏ என்ற பெயரில் 4,326 சிறு தகவல் கேள்விகளைத் தொகுத்து மாதிரிகளைச் சோதித்தபோது, அதிகமாகச் சொன்ன உறுதிக்கு அதிகமான சரித்தன்மை என்ற போக்கு இருந்தது உண்மை. ஆனால் சொன்ன சதவீதம் தொடர்ந்து உண்மையைவிட மேலேயே நின்றது.

மேலே நிற்பது மட்டும்தான் சிக்கல் என்றால் சமாளித்துவிடலாம். 95 என்றால் 70 என்று எடுத்துக்கொள் என்று ஒரு தள்ளுபடிக் கணக்கு வைத்துக்கொண்டால் போதும். பெரிய சிக்கல் வேறு. 100 கேள்விகள் கேட்டு, 100க்கும் '95 சதவீதம்' என்று பதில் வந்து, 70 சரியாகவும் 30 தவறாகவும் இருந்தால், தள்ளுபடி செய்து 70 என்று படித்தாலும் அந்த 30 எவை என்பது தெரியாது. கேட்டவருக்கு வேண்டியது அதுதான். எண் பயன்பட வேண்டுமானால் சரியான பதில்களுக்கு உயர்ந்தும் தவறான பதில்களுக்குத் தாழ்ந்தும் வர வேண்டும். எல்லாம் ஒரே இடத்தில் குவிந்துவிட்டால் பிரித்துப் பார்க்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. எப்போதாவது வரும் 40, 50 போன்ற தாழ்ந்த எண்ணைப் பொருட்படுத்தலாம். வழக்கத்தை மீறி அது இறங்குகிறது என்றால் பெரும்பாலும் ஏதோ காரணம் இருக்கும். உயர்ந்த எண்ணுக்குத்தான் எடை குறைவு.

எண்ணுக்குப் பதில் வார்த்தையில் கேட்டாலும் கதை மாறாது என்பதற்கு நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் 2023இல் நடந்த மாட்டா - ஏவியான்கா வழக்கு சாட்சி. விமானத்தில் உணவு வண்டி முழங்காலில் இடித்துக் காயம்பட்டதாக ஒரு பயணி தொடுத்த சாதாரண நஷ்டஈட்டு வழக்கு அது. அவர் தரப்பு வழக்கறிஞர் சாட்ஜிபிடி தந்த முன்தீர்ப்புகளை மனுவில் சேர்த்தார். அவற்றில் ஒன்று, சைனா சதர்ன் ஏர்லைன்ஸ் மீது வர்கீஸ் என்பவர் தொடுத்ததாகச் சொல்லப்பட்ட வழக்கு. வழக்கறிஞர் சும்மா இருந்துவிடவில்லை. வர்கீஸ் வழக்கு உண்மையானதுதானா என்று சாட்பாட்டிடமே கேட்டார். ஆம் என்றது. ஆதாரம் எது என்று கேட்டார். குழப்பத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மறுபடி சரிபார்த்ததாகவும், வழக்கு இருப்பதாகவும், வெஸ்ட்லா, லெக்சிஸ்நெக்சிஸ் தரவுத்தளங்களில் கிடைக்கும் என்றும் எழுதியது. மற்ற வழக்குகள் போலியா என்றதற்கும் இல்லை என்றே பதில் வந்தது. அப்படி எந்த வழக்கும் இல்லை. எந்தத் தரவுத்தளத்தையும் அது திறந்து பார்க்கவும் இல்லை. நீதிபதி கெவின் காஸ்டல் 2023 ஜூனில் வழக்கறிஞர்களுக்கும் அவர்கள் நிறுவனத்துக்கும் சேர்த்து 5,000 டாலர் அபராதம் விதித்தார்.

பொய்யான வழக்கை எழுதிய அதே மாதிரியிடம்தான் சாட்சியும் கேட்கப்பட்டது. தீர்ப்பு எண், ஆண்டு, விமான நிறுவனத்தின் பெயர் எல்லாம் உரையாடலில் ஏற்கெனவே கிடக்கும்போது, அவற்றைத் தொடர்ந்து 'ஆம், உண்மைதான்' என்று வருவதுதான் எளிது. எதிர்ப்பக்கமும் உண்டு. "நிச்சயமாகவா? எனக்குத் தவறாகப் படுகிறதே" என்று அழுத்திக் கேட்டால், சரியான பதிலையே கைவிட்டு மன்னிப்புக் கேட்கும் பழக்கமும் சாட்பாட்களிடம் பதிவாகியிருக்கிறது. கேள்வியின் தொனிக்கு ஏற்ப ஏறி இறங்கும் உறுதியை எப்படி எடைபோடுவது?

கேட்கும் முறையை மாற்றினால் கொஞ்சம் முன்னேற்றம் உண்டு. முதலில் சாத்தியமான மூன்று நான்கு விடைகளைச் சொல்லச் சொல்லி, பிறகு ஒவ்வொன்றுக்கும் சதவீதம் கேட்டால் எண்கள் சற்று நிதானமாகின்றன. எழுத்தாளர் எடுத்துக்காட்டில், '1923' மட்டுமே திரையில் வராமல் '1921'உம் '1926'உம் வெளியே வந்துவிடும். இரண்டாம் பயிற்சி பெற்ற சில மாதிரிகளில் இப்படி வாயால் சொல்லும் எண், குலைந்துபோன உள் நிகழ்தகவைவிட மேலாகவே இருந்ததாக ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் காட்டினார்கள். ஆகவே எண் கேட்பதே வீண் என்று தள்ளிவிட முடியாது.

அதைவிட வலுவான வழி, எண்ணையே கேட்காமல் அதே கேள்வியைப் புதுப்புது உரையாடலில் ஐந்தாறு முறை கேட்பது. முந்தைய பதில் கண்ணில் படாதபடி ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்க வேண்டும். '1921', '1926', '1923' என்று பதில் அலைந்தால், மாதிரிக்குத் தெரியாது என்பது அதன் வாயால் கேட்காமலே தெரிந்துவிடும். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் நேச்சர் இதழில் வெளியிட்ட முறையும் இந்த அடிப்படையில்தான் நடக்கிறது. பல முறை பதில் வாங்கி, சொற்கள் வேறானாலும் பொருள் ஒன்றானவற்றை ஒரு கூட்டமாகச் சேர்த்து, எத்தனை கூட்டங்கள் வந்தன என்று பார்க்கிறார்கள். கூட்டங்கள் கூடினால் இட்டுக்கட்டல் என்ற ஐயம் வலுக்கிறது.

இதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. பயிற்சி உரையிலேயே பரவிக் கிடக்கும் தவறை மாதிரி கற்றிருந்தால், பத்து முறை கேட்டாலும் பத்து முறையும் அதே தவறுதான் வரும். உறுதியும் 95 என்றே வரும். அந்த வகைத் தவறை உரையாடலுக்குள் இருந்துகொண்டு பிடிக்க வழியே இல்லை. மருந்தின் அளவு, தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள், மேல்முறையீட்டுக் கெடு போன்றவற்றில் சாட்பாட் சொன்ன சதவீதத்தைப் பார்த்து முடிவெடுக்காமல், மருத்துவரின் சீட்டையும் அரசு அறிவிக்கையையும் தீர்ப்பின் நகலையும் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.