பத்து பாகை சாய்ந்தால்

கார்பன் இழைகளை ஒரே திசையில் பரப்பி, எபாக்சி பிசினில் தோய்த்து, சூட்டில் இறுகவைத்த தகட்டிலிருந்து 10 மில்லிமீட்டர் அகலமும் 1 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள பட்டை ஒன்றை வெட்டுவதாக வைத்துக்கொள்வோம். இழை ஓடும் திசையில் இழுத்தால் அது ஏறக்குறைய ஒன்றரை டன் தாங்கும். இழைக்குக் குறுக்கே இழுத்தால் 40 கிலோவிலேயே பிளந்துவிடும்.

பத்து பாகை மட்டும் சாய்த்து வெட்டினால்? சிறு சாய்வுதானே என்று தோன்றும். ஆனால் அந்தப் பட்டை 400 கிலோவைக்கூட எட்டாது. சாய்ந்த இழைகள் ஒன்றையொன்று உரசி வழுக்கப் பார்க்கின்றன. அதைத் தடுக்க நடுவில் இருப்பது பிசின் மட்டுமே. உடைந்த துண்டே இதைக் காட்டிக்கொடுக்கும். இழைகள் அறுந்திருக்காது, மூங்கில் நார்வாக்கில் பிளப்பதுபோல விரிசல் இழையோடு ஒட்டியே ஓடியிருக்கும்.

அதனால்தான் நெடுக்கு, குறுக்கு, 45 பாகை எனப் பல திசைகளில் மெல்லிய அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுகிறார்கள். திசைகளைத் தேர்ந்தெடுத்ததோடு வேலை முடிவதில்லை. எந்த அடுக்கு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம்.

நான்கு அடுக்குத் தகடு ஒன்றில் இரண்டு அடுக்கு நெடுக்காகவும் இரண்டு குறுக்காகவும் இருக்கட்டும். நெடுக்கு அடுக்குகள் வெளிப்புறம் இருந்தாலும் உட்புறம் இருந்தாலும், நீளவாட்டில் இழுக்கும்போது விறைப்பு ஒன்றுதான். வளைக்கும்போதோ, நெடுக்கு அடுக்குகள் வெளியே உள்ள தகடு மற்றதைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு விறைப்பாக நிற்கும். எடையும் பொருளும் மாறவில்லை. வளையும் தகட்டில் நடுப்பகுதி அதிகம் நீள்வதோ சுருங்குவதோ இல்லை. அந்த வேலை மேற்பரப்பை ஒட்டிய அடுக்குகளுக்கே வருகிறது.

அதே நான்கை மேலே இரண்டு நெடுக்கு, கீழே இரண்டு குறுக்கு என்று வைத்தால், சூளையிலிருந்து எடுத்து ஆறும்போதே தகடு கோணிவிடும். குளிரும்போது இழைத் திசையில் சுருக்கம் மிகக் குறைவு, குறுக்கே அதிகம். இரு பாதிகளும் வெவ்வேறு பக்கம் இழுக்கின்றன. நடுத்தளத்துக்கு மேலும் கீழும் ஒரே வரிசை அமைய வேண்டும் என்ற பட்டறை விதி இதிலிருந்து வந்ததுதான்.

இன்னொரு வழக்கமும் உண்டு: வலப்பக்கம் சாய்ந்த ஒவ்வொரு அடுக்குக்கும் ஈடாக இடப்பக்கம் சாய்ந்த ஓர் அடுக்கை வைப்பது. இல்லையென்றால் வளையும்போது தகடு முறுகவும் செய்யும். அமெரிக்காவின் க்ரம்மன் நிறுவனம் எக்ஸ்-29 என்ற சோதனை விமானத்துக்கு அந்த முறுக்கத்தையே வேண்டி வரவழைத்தது. அதன் இறக்கைகள் முன்னோக்கிச் சாய்ந்தவை. அத்தகைய இறக்கை காற்றின் விசையில் மேலே வளைந்தால் அதன் முன்விளிம்பு நிமிரும். நிமிர்ந்தால் விசை கூடும். அது மேலும் வளைக்கும். குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் இறக்கை முறிந்துவிடும். உலோகத்தில் இதைத் தடுக்க எடையைக் கூட்ட வேண்டும். க்ரம்மனின் பொறியாளர்களோ, இறக்கைத் தோலின் கார்பன் அடுக்குகளை வேண்டுமென்றே ஒருபக்கமாகச் சாய்த்தார்கள். இறக்கை மேலே வளைய வளைய, அந்த இழைகள் முன்விளிம்பைக் கீழ்நோக்கித் திருப்பி, நிமிர்வை ஈடுகட்டின. 1984 டிசம்பர் 14 அன்று விமானம் முதன்முதலாகப் பறந்தது. மறு ஆண்டே ஒலியின் வேகத்தையும் கடந்தது.