கோடிட்ட இடமும் முன்சொல்லின் ஈறும்

பத்தி ஒன்றில் சில சொற்களை நீக்கி, அவை நின்ற இடங்களைக் கோடிட்டுக் காட்டி, உரிய சொற்களால் நிரப்புமாறு பணிக்கும் பயிற்சியை நம் பள்ளிகளில் முன்னுணர்வுக் கருத்தறிதல் என்கிறோம். இதன் மூலவடிவத்தை 1953ஆம் ஆண்டு அமெரிக்க அறிஞர் வில்சன் டெய்லர் ‘குளோஸ்’ என்னும் பெயரால் அறிமுகப்படுத்தினார். குறைபட்ட உருவத்தை மனம் தானே நிறைவுசெய்து காணும் என்ற உளவியல் கருத்திலிருந்து அப்பெயர் தோன்றியது. ஒரு பனுவல் படிப்பதற்கு எவ்வளவு எளியது என்பதை அளப்பதே அவர் நோக்கம். மொழித்திறனை அளக்கும் கருவியாக அது பின்னரே வளர்ந்தது.

இப்பயிற்சியில் தெரிவுகள் தரப்படும் வகையும் உண்டு. தரப்படாத வகையும் உண்டு. நாம் இங்கு எடுத்துக்கொள்வது இரண்டாம் வகை. அதிலும், இலக்கணப் பணியைச் செய்யும் சிறு சொற்கள் மட்டும் நீக்கப்பட்ட பத்தி. நான்கு தெரிவுகள் கண்முன் இருந்தால், ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து ஓசையால் விடை காணலாம். தெரிவு இல்லாதபோது, எவ்வகைச் சொல் அங்கு நிற்கக்கூடும் என்பதையே மாணவர் முதலில் துணிய வேண்டும்.

சிங்கப்பூரின் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில், ஆங்கிலத் தாளில் தெரிவுகள் இல்லாத 15 இடங்களைக் கொண்ட பத்தி இடம்பெறுவதால், நம் பிள்ளைகளுக்கு இவ்வடிவம் புதிதன்று. ஆயினும் ஆங்கிலத்தில் பெற்ற பழக்கத்தை அப்படியே தமிழுக்குக் கொண்டுவருவோர் தடுமாறுகின்றனர். ஆங்கிலத்தில் ‘ஆஃப்’, ‘வித்’, ‘ஃப்ரம்’ போன்ற சொற்கள் பெயருக்கு முன்னே தனித்து நிற்பவை. ஆகவே கோட்டுக்கு வலப்புறம் நிற்கும் பெயரை நோக்குவது அங்குப் பயன் தரும். தமிழில் அப்பணியைச் செய்வன பெயருக்குப் பின்னே வருகின்றன. அவற்றுள் ஐ, கு, இல் போன்ற உருபுகள் பெயரோடு ஒட்டிவிடுவதால் அவற்றைத் தனியே நீக்க இயலாது. தனித்து நீக்கத்தக்கவை பற்றி, நோக்கி, இருந்து, முன் முதலிய சொல்லுருபுகளும், என்று, என்னும் ஆகியனவும், ஆனால், ஆகையால் போன்ற இணைப்புச் சொற்களுமே. இவற்றுள் சொல்லுருபுக்குரிய முதற்சான்று இடப்புறம், முன்சொல்லின் ஈற்றில் இருக்கிறது.

ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

“தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் (1) ____ காவடிகள் புறப்பட்டன. அவை டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலை (2) ____ நகர்ந்தன. அமுதன் தன் பாட்டியின் (3) ____ நின்றான். காவடியைப் (4) ____ அவன் பல கேள்விகள் கேட்டான். ‘நேர்த்திக்கடன் (5) ____ சொல்லுக்கு என்ன பொருள்?’ (6) ____ வினவினான். பாட்டியின் விளக்கம் நீண்டது. (7) ____ அவன் சலிப்படையவில்லை.”

முதல் இடத்தில் ‘பல’ என்று எழுதும் மாணவர் உண்டு. வலப்புறம் உள்ள ‘காவடிகள்’ என்னும் பெயர் அவரை இழுத்துவிடுகிறது. முன்சொல் ‘இல்’ என முடிவதையும், வினை ‘புறப்பட்டன’ என நிற்பதையும் சேர்த்து நோக்கினால் வழி தெளியும். புறப்படுதல் ‘எங்கிருந்து’ என்னும் வினாவை எழுப்பும் வினை. ‘இல்’ தனித்து நின்று இடத்தை மட்டும் காட்டும். நீங்கற் பொருள் தர அதற்கு ‘இருந்து’ வேண்டும்.

இரண்டாம் இடத்தில் முன்சொல் ‘கோயிலை’ என இரண்டாம் வேற்றுமையில் நிற்கிறது. அவ்வேற்றுமையை ஏற்பவை பற்றி, போல, தவிர, சுற்றி, நோக்கி, விட்டு எனப் பல. இங்கு ஒற்று துணைசெய்கிறது. ஐ உருபின் பின் வல்லினம் மிகும். ‘பற்றி’ வருமாயின் ‘கோயிலைப்’ என்றும், ‘தவிர’ வருமாயின் ‘கோயிலைத்’ என்றும் இருந்திருக்கும். ஒற்று இல்லாமையால் வல்லினத்தில் தொடங்கும் சொற்கள் யாவும் விலகுகின்றன. எஞ்சியவற்றுள் ‘விட்டு’ என்பதும் இலக்கணத்திற்குப் பொருந்தும். ‘கோயிலை விட்டு நகர்ந்தன’ பிழையற்ற தொடரே. ஆனால் காவடிகள் முன்னரே வேறு கோயிலிலிருந்து புறப்பட்டுவிட்டமையால் இக்கோயில் சேரும் இடமாகிறது. ஆகவே விடை ‘நோக்கி’. இலக்கணம் இருவரை உள்ளே விட, முந்தைய தொடர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறது.

நான்காம் இடத்தில் ஒற்றே விடையை ஏறத்தாழ எழுதிவிட்டது. ‘குறித்து’ என்பதும் இதே பொருளைத் தரும். ஆயினும் ‘காவடியைப்’ என்னும் பகர ஒற்று அதனை விலக்கி, ‘பற்றி’ என்பதற்கே இடந்தருகிறது. வினாத்தாள் அமைப்போர் இதை எண்ணிப்பார்க்க வேண்டும். ஒற்றை விட்டுவைத்தால் குறிப்பு தந்தவராகிறோம். நீக்கினால், மாணவர் சரியான சொல்லை எழுதினும் தொடர் ஒற்றுப்பிழையோடு நிற்கும். ஒற்றை விட்டுவைத்து, அதைப் படிக்கக் கற்பிப்பதே நேரிய வழி.

ஐந்தாம், ஆறாம் இடங்கள் ஒன்றுபோல் தோன்றினும் வேறானவை; இங்குச் சான்று வலப்புறத்தில் இருக்கிறது. ஐந்தாவதன் பின் ‘சொல்லுக்கு’ என்னும் பெயர் வருவதால் பெயரெச்சமாகிய ‘என்னும்’ அல்லது ‘என்ற’ வேண்டும். ஆறாவதன் பின் ‘வினவினான்’ என்னும் வினை வருவதால் ‘என்று’ அல்லது ‘என’ பொருந்தும். இரண்டையும் இடம் மாற்றி எழுதுவோர் பொருளை அறிந்தவரே. பின்வரும் சொல் பெயரா, வினையா என்று மட்டும் பார்க்கத் தவறியவர்.

ஏழாம் இடத்தில் முன்சொல்லும் பின்சொல்லும் உதவா. இரண்டு தொடர்களுக்கிடையே உள்ள உறவே சான்று. விளக்கம் நீண்டதால் சலிப்பை எதிர்பார்க்கிறோம். சலிப்பு இல்லை என்கிறது அடுத்த தொடர். ஆகவே ஆனால், ஆயினும், எனினும், இருப்பினும் ஆகியவற்றுள் எதுவும் சரி, ‘ஆகையால்’ பிழை. விடைக்குறிப்பில் நான்கையும் எழுதிவைக்காத ஆசிரியர் சரியான விடைக்கு மதிப்பெண் மறுக்க நேரும்.

மூன்றாம் இடத்தைக் கடைசிக்கு நிறுத்தினோம். அது குறையுடைய வினா. அருகில், பின்னால், முன்னால், பக்கத்தில் எனப் பலவும் பொருந்துகின்றன. பத்தியில் எதுவும் அவற்றைப் பிரித்துக் காட்டவில்லை. பயிற்சியை வகுப்பிற்குக் கொடுக்குமுன் தமிழறிந்த இருவரை நிரப்பச் செய்தால் இத்தகைய இடங்கள் வெளிப்படும். இருவரும் பொருள் வேறுபட்ட சொற்களை எழுதுவாராயின் வினாவைத் திருத்த வேண்டும். ‘கூட்டம் மறைத்ததால் பாட்டிக்கு (3) ____ வந்து நின்றான்’ என மாற்றினால் ‘முன்னால்’ அல்லது ‘முன்’ என விடை குறுகும்.

இவ்வளவையும் ஈற்றைக் கொண்டே செய்தோம். நம் வீடுகளில் நிகழும் பேச்சில் அந்த ஈறுகளே தேய்ந்துள்ளன. ‘புத்தகம் படிச்சேன்’ என்னும்போது ஐ உருபு மறைகிறது. ‘அவனோட வீடு’, ‘அவனோட வந்தேன்’ என்னும் இரண்டிலும் ஒரே வடிவம் ஒலிப்பதால், எழுத்தில் முன்னது ‘அவனுடைய’ என்றும் பின்னது ‘அவனோடு’ என்றும் பிரிவதைப் பிள்ளை செவிவழி அறிய வாய்ப்பில்லை. பேச்சின் இயல்பு அது, குற்றமன்று. ஆனால் பேச்சுத்தமிழை மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளையிடம் ‘ஓசைக்கு எது பொருந்துகிறது பார்’ என்று சொல்வது பயனற்றது. கோட்டுக்கு முன் உள்ள சொல்லின் ஈற்றையும் அத்தொடரின் வினையையும் முதலில் அடிக்கோடிடச் சொல்லி, அதன்பின் விடை எழுதச் செய்தல் வேண்டும். பிழை நேர்ந்தால், எந்த அடிக்கோடு தவறியது என்பதை ஆசிரியரும் பெற்றோரும் அத்தாளிலேயே காணலாம்.