உங்களுக்குத் தெரியுமா? 80 சதவீதம் வாங்கினாலும் 100 சதவீதமும் கணக்கில் ஏறும்!

2024 டிசம்பரில் இந்தியா சிமெண்ட்ஸின் சுமார் 55 சதவீதப் பங்குகள் அல்ட்ராடெக் வசம் வந்தன. மீதிப் பங்குகள் மற்றவர்களிடமே இருந்தன. அப்படியிருந்தும் குழுமக் கணக்கில் சிமெண்ட் ஆலைகள், நிலம், கடன் எல்லாமே முழுதாக ஏறும். எப்படி?

விழுப்புரத்து நிறுவனம் ஒன்று, திண்டிவனத்தில் கடலை எண்ணெய் ஆலை நடத்தும் கம்பெனியின் 80 சதவீதப் பங்கை ரூ.12 கோடிக்கு வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆலையின் நிகரச் சொத்து ஏட்டில் ரூ.8 கோடி. சாலையோர நிலத்தை இன்றைய விலைக்கு மதிப்பிட்டால் நிகரச் சொத்து ரூ.10 கோடி. வரி விளைவை இங்கே விட்டுவிடுவோம்.

அந்த ரூ.10 கோடியும் ஏறும். 20 சதவீதம் வைத்திருப்பவர்களின் பங்கான ரூ.2 கோடி, ‘நான்-கன்ட்ரோலிங் இன்ட்ரஸ்ட்’ என்று மூலதனப் பகுதியில் தனியாக நிற்கும். அது கடன் அல்ல. கொடுத்த 12, மற்றவர்களின் 2, ஆக 14. அதில் 10 போனால் மீதி ரூ.4 கோடி குட்வில்.

இந்தியக் கணக்கியல் தரநிலை 103 இன்னொரு வழியும் தருகிறது. அந்த 20 சதவீதத்தை நியாய மதிப்பில் எடுக்கலாம். அது ரூ.2.7 கோடி என்றால் குட்வில் ரூ.4.7 கோடியாகும். 80 சதவீதத்துக்கு ரூ.12 கோடி என்றால் 20 சதவீதத்துக்கு ரூ.3 கோடி ஏன் இல்லை? கட்டுப்பாடு இல்லாத பங்குக்கு அவ்வளவு விலை பெரும்பாலும் கிடைக்காது.

பலர் தடுக்கி விழுவது பழைய ஏட்டு மதிப்பில்தான். ரூ.8 கோடியில் 80 சதவீதமான 6.4-ஐ 12-இல் கழித்தால் குட்வில் 5.6 என்று வரும். நிலத்தின் உயர்வு அதற்குள் ஒளிந்துகொள்ளும்.