‘ரெண்டு வருஷம் வேலை, அப்புறம் பி.ஆர்’: கனடா கேர்கிவர் வாய்ப்பை நம்பலாமா?

கனடாவில் ஒரு வீட்டோடு தங்கி குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை, ரெண்டு வருஷத்தில் பி.ஆர் என்று ஏஜென்ட் சொல்கிறாரா? அவர் விற்பது பழைய திட்டம். வீட்டோடு தங்கும் கட்டாயம் 2014-லேயே போய்விட்டது. 2019-ல் வந்த திட்டம் கேட்ட 24 மாத அனுபவம் 2023-ல் 12 மாதமானது; 2024 ஜூனில் அந்தத் திட்டமே மூடப்பட்டது.

அதில் ஏற்கெனவே விண்ணப்பித்தவர்களுக்குத் தலைவலி, அந்த 12 மாதத்தை நிரூபிப்பதுதான். வாரம் குறைந்தது 30 மணி நேரம் சம்பளத்துடன் வேலை செய்திருந்தால்தான் முழுநேர வேலை. ஒப்பந்தத்தில் 32 மணி நேரம் என்று இருக்கிறது. முதலாளி சம்பள ரசீதில் 26 மணி நேரம் காட்டி, மீதி 6 மணி நேரத்துக்குக் கையில் பணம் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்குப் பணம் குறையவில்லை. ஆனால் காகிதத்தில் அந்த வாரம் முழுநேர வேலையே இல்லை! ரசீதையும் ஒப்பந்தத்தையும் மாதாமாதம் ஒப்பிட்டுப் பாருங்கள், வருஷக் கடைசிவரை காத்திருக்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் வேலை விவரத்தையும் படியுங்கள். சமையல், துடைப்பது மட்டுமே என்றால் அது வீட்டு வேலை. பராமரிப்பு அனுபவமாக எடுக்க மாட்டார்கள். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது.

2025 மார்ச் 31-ல் வந்த புதிய திட்டத்தில், கனடாவில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கான இடங்கள் திறந்த அன்றே நிரம்பின. வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கான பிரிவு அன்று திறக்கவே இல்லை. ஏஜென்டுக்குப் பணம் கட்டும் முன், கனடா குடிவரவுத் துறை இணையதளத்தில் எந்தப் பிரிவு திறந்திருக்கிறது என்று நீங்களே பார்த்துவிடுங்கள்.